ஸ்ட்ராடஜி டெக்கிலிருந்து சி.இ.ஓ.வின் வீடியோ பேச்சு: பாசி வளர்க்கும் பெண்களுக்கு எழுதும்போது

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்பாசி வளர்க்கிற பெண்களின் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சி.இ.ஓ. போர்டுக்குக் காட்டிய 26 ஸ்லைடு ஸ்ட்ராடஜி டெக்கைக் கொடுத்து, "இதை வைத்து மெம்பர்களிடம் நானே பேசுகிற மாதிரி நாலு நிமிஷ வீடியோவுக்கு எழுதிக் கொடுங்கள், பாசமாக இருக்கணும்" என்கிறார். எழுதிப் பார்த்தால் ரிப்போர்ட் வாசிப்பதுபோல வருகிறது. எப்படி எழுதுவது?

பதில்:

அந்த டெக் போர்டுக்காகவும் வங்கிக்காகவும் செய்தது. அதில் வரும் வாக்கியங்களுக்கு எழுவாயே இருக்காது. "தர மேம்பாடு", "ஈரப்பதக் குறைப்பு", "மதிப்புக்கூட்டல்" என்று போகும். யார் செய்வது, யார் கையிலிருந்து போவது, யாருக்கு வருவது என்பதெல்லாம் அதில் கிடையாது. போர்டு அறையில் எல்லோருக்கும் பின்கதை தெரியும் என்பதால் அங்கே அது போதும். கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டே போனில் கேட்கிறவருக்கு அது போதாது. அந்தச் சொற்களுக்கு முன்னால் "அன்பான சகோதரிகளே" என்று சேர்த்தாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்டாகத்தான் இருக்கும். அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் டெக்கை அச்செடுங்கள்.

அச்செடுத்த 26 பக்கத்தையும் மூன்று கட்டாகப் பிரியுங்கள். போர்டு தீர்மானம் போட்டு முடித்தது ஒன்று. நிர்வாகம் செய்யலாம் என்று வைத்திருப்பது இரண்டாவது. நடந்தால் நல்லது என்ற நிலையில் இருப்பது மூன்றாவது. இதை உங்கள் ஊகத்துக்குப் பிரிக்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். டெக்கில் மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தளவில் இருக்கும். பேச்சில் அவை ஒரே குரலில் வந்துவிடக் கூடாது. ஸ்லைடில் "இலக்கு" என்று இருப்பது சி.இ.ஓ. வாயில் வரும்போது வாக்குறுதியாகிவிடும். வீடியோ போனிலேயே கிடக்கும், அடுத்த வருஷம் மகாசபையில் அதைப் போட்டுக் காட்டிக் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. உறுப்பினர் கொண்டுவந்து போடும் பொருளுக்கு முதலில் என்ன விலை கொடுப்பது, எவ்வளவு நிறுத்திவைத்துப் பிறகு கொடுப்பது என்பதை முடிவு செய்வது போர்டு. சி.இ.ஓ. போர்டின் கீழ் வேலை செய்கிறவர். ஆகவே தீர்மானம் ஆகாத விலையை அவர் வாயில் வைக்கவே வைக்காதீர்கள். மூன்றாவது கட்டில் விழுபவை பெரும்பாலும் கேட்க அழகாக இருக்கும்: பாசிச்சாற்றில் திரவ உரம், வெளிநாட்டு ஏற்றுமதி, 2023-ல் அடிக்கல் நாட்டிய வளமாவூர் கடற்பாசிப் பூங்கா இப்படி. பூங்கா அரசுத் திட்டம். டெக்கில் "வாய்ப்புகள்" என்ற தலைப்பில் அது இருப்பதில் தவறில்லை. ஆனால் பேச்சில் அதைச் சேர்த்தால் நம் கம்பெனி ஏதோ கட்டுகிறது என்றுதான் காதில் விழும்.

முதல் கட்டில் மிஞ்சுவது நாலைந்து ஸ்லைடுதான். அதிலும் ஒன்றைத்தான் பேச்சுக்கு மையமாக எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்றால், கேட்ட மறுநாள் உறுப்பினர் தன் வேலையில் எதையாவது மாற்ற வேண்டியிருக்கும் ஸ்லைடை. உங்கள் டெக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் பாசி நிறுவனம் எதிலும் ஈரப்பதம் பற்றி ஒரு ஸ்லைடு இல்லாமல் இருக்காது. அதையே எடுத்து முழுவதும் செய்து காட்டுகிறேன். எண்களை உங்கள் டெக்கில் உள்ளதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடில் "கொள்முதல் பாசியின் ஈரப்பதம் 42 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைப்பு" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டுக்கு இது நல்ல செய்தி. கேட்கிற அக்காவுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 42 சதவீத ஈரத்தில் 100 கிலோ கொண்டுவந்தால் அதில் 58 கிலோ சரக்கு, மீதி தண்ணீர். அதே 58 கிலோ சரக்கை 35 சதவீத ஈரம் வரை காய வைத்தால் மொத்த எடை 89 கிலோ சொச்சம். அதாவது "தர மேம்பாடு" என்று எழுதிய இடத்தில் அவருக்குத் தராசில் பதினோரு கிலோ குறைகிறது. விலை கிலோ 60 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், முன்பு 6,000 ரூபாய். இப்போது அதே பணம் கையில் நிற்கவே கிலோவுக்கு 67 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். 65 கொடுத்தால் "விலையை ஏற்றினோம்" என்று கம்பெனி சொல்லும், அவருக்கோ 200 ரூபாய் நஷ்டம். 70 கொடுத்தால் 89 கிலோவுக்கு 6,230 ரூபாய், அதாவது 230 ரூபாய் கூடுதல்.

அந்த 100 கிலோ காய்ந்த பாசி எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதும்போது மனதில் வைத்திருங்கள். பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் நாற்பத்தைந்து நாள் வளர்த்து அறுத்து, அதில் அடுத்த நடவுக்கு விதைப்பாசியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100 கிலோ காய்ந்த பாசி என்பது ஐந்து மிதவையின் ஓர் அறுவடை. அதைக் கரையில் விரித்து, திருப்பிப் போட்டு, மணல் ஒட்டாமல் பார்த்து, மழை மேகம் வந்தால் ஓடிப்போய் அள்ளி மூட வேண்டும். இந்த வேலையில் இன்னொரு நாளைக் கூட்டுவதற்குத்தான் அந்த 230 ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட்டதும் பேச்சின் நிலைமையே மாறிவிடும். ஸ்லைடை எழுதியவர் நினைக்காத கேள்வி ஒன்று உங்கள் முன்னால் நிற்கும்: ஒரு நாள் கூடுதல் உழைப்புக்கு 230 ரூபாய் போதுமா? இதைப் பேச்சில் பூசி மெழுக முடியாது. சி.இ.ஓ.விடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். விலையைத் தவிர வேறு என்ன நன்மை இருக்கிறது? வாங்குகிற கம்பெனி ஈரத்துக்குக் கழிக்கிறதா, அந்தக் கழிவு யார் தலையில் விழுகிறது? நன்றாகக் காய வைத்தவரும் ஈரத்தோடு போட்டவரும் ஒரே லாரியில் போய் ஒரே கழிவை ஏற்கிறார்களா? அப்படியென்றால் நன்றாகக் காய்ந்ததற்கு ஒரு விலை, ஈரமானதற்கு ஒரு விலை என்று இரண்டு தரம் வைப்பதன் உண்மையான காரணம் அதுதான். பேச்சும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் சில சமயம் டெக்கில் உள்ள விலையே சரியில்லை என்று தெரியவரும். வீடியோ எடுத்த பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

பாசமாக இருக்கணும் என்றாரே, அது இங்கேதான் இருக்கிறது. எடை குறையும் என்பதை அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர் தராசில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டால், அதற்குப் பிறகு எத்தனை "என் குடும்பம்" சொன்னாலும் ஒட்டாது. "நம் குடும்பம்", "உங்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன்", "கடல் அன்னையின் பிள்ளைகள்" போன்றவற்றை நான் எழுதும் பேச்சில் ஒன்றுகூட விடுவதில்லை. எல்லாத் தேர்தல் மேடையிலும் கேட்டுக் கேட்டுப் புளித்த சொற்கள் அவை.

அடுத்தது "நான்". உற்பத்தியாளர் நிறுவனத்தின் சி.இ.ஓ. உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாத ஒருவரைத்தான் போர்டு முழுநேரமாக நியமிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அவர் "நாம் கடலில் இறங்குகிறோம்", "நாம் காய வைப்போம்" என்று பேசினால் கேட்கிறவர்களுக்கு உடனே தட்டும். அவர் இறங்கவில்லை என்று கரைக்கே தெரியும். காய வைப்பது நீங்கள், தீர்மானம் போட்டது உங்களில் இருந்து போன டைரக்டர்கள், பாசி காயப் போடும் வலையும் பணமும் கொண்டுவந்து சேர்ப்பது நான் என்று ஆளுக்கு ஆள் பிரித்து எழுதுங்கள். பாசி விற்றுப் பணம் வருவது மட்டும் இரண்டு பேருக்கும் பொது. "நமக்கு" என்பதை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் பேச்சில் உள்ள ஒவ்வொரு "நாம்", "நமக்கு" வையும் வட்டமிட்டு, அதில் அவர் உண்மையிலேயே சேர்கிறாரா என்று பாருங்கள்.

அவருடைய சொந்த வார்த்தை என்று இரண்டு மூன்று வாக்கியம் கட்டாயம் வேண்டும். அதை நீங்கள் கற்பனை செய்து எழுதாதீர்கள். "என் பாட்டியும் பாசி எடுத்தவர்தான்" என்று நெஞ்சைத் தொடும்படி எழுதிக்கொடுத்து, அது பொய் என்று ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், மீதிப் பேச்சு முழுவதும் போய்விடும். அவரோடு இருபது நிமிஷம் உட்காருங்கள். போனில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள். வாங்குகிற இடத்தில் மூட்டையைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அங்கே என்ன சொன்னார்கள்? எந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை? இந்தத் திட்டத்தில் உங்களுக்கே சந்தேகம் எது? "உங்கள் தொலைநோக்கு என்ன" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், டெக்கையே திரும்ப ஒப்பிப்பார். மேலே சொன்ன மாதிரி கேட்டால் மனிதர் பேசுவார். அப்போது அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் "மூட்டை" என்கிறாரா "சாக்கு" என்கிறாரா, "எடை" என்கிறாரா "நிறை" என்கிறாரா என்பதுவரை. பேச்சை அந்தச் சொற்களில்தான் எழுத வேண்டும்.

பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். "காய வைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் கேமரா முன்னால் அதை அப்படியே வாசிப்பார், செய்தி வாசிப்பதுபோல இருக்கும். "காய வைக்கணும்" என்று எழுதினால் பேசுவார். எண்களை எழுத்தில் எழுதுங்கள். 6,230 என்று இருந்தால் வாசிக்கும்போது ஒரு நொடி நின்றுவிடுவார், "ஆறாயிரத்து இருநூத்தி முப்பது" என்று இருந்தால் நிற்க மாட்டார். நாலு நிமிஷத்துக்கு 350 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். இது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அந்த இருபது நிமிஷப் பதிவில் ஒரு நிமிஷத்தை எடுத்து அவர் எத்தனை சொல் பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இனி பேச்சு. எடுத்துக்காட்டில் 60, 70 என்ற விலையும், தை மாதமும், வலையும் போர்டு தீர்மானம் ஆனவை என்று வைத்து எழுதியிருக்கிறேன்.

"அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். நான் உங்க கம்பெனி சி.இ.ஓ. பேசுறேன்.

இன்னைக்கு ஒரே ஒரு விஷயம். வர்ற தை மாசத்துலேருந்து காஞ்ச பாசிக்கு ரெண்டு விலை. நல்லாக் காஞ்ச பாசிக்குக் கிலோ எழுபது ரூபா. இப்ப வர்ற மாதிரி ஈரத்தோட வந்தா, இப்ப குடுக்குற அதே அறுபது ரூபா. உங்கள்ல இருந்து போன டைரக்டருங்க உக்காந்து பேசி இத முடிவு பண்ணியிருக்காங்க.

நல்லாக் காய வச்சா எடை குறையும். அத நான் முதல்லயே சொல்லிடுறேன். இன்னைக்கு நூறு கிலோ நிக்கிற இடத்துல எண்பத்தொம்பது கிலோதான் நிக்கும். பதினோரு கிலோ போச்சேன்னு இருக்கும். காசாப் பாருங்க. இன்னைக்கு நூறு கிலோவுக்கு ஆறாயிரம். தை மாசம் எண்பத்தொம்பது கிலோவுக்கு ஆறாயிரத்து இருநூத்தி முப்பது. கூட வர்றது இருநூத்தி முப்பது ரூபா. அதுக்கு நீங்க இன்னொரு நாள் வெயில்ல நின்னு பாசியத் திருப்பிப் போடணும். அது பெரிய காசு இல்லன்னு எனக்கும் தெரியும்.

அப்புறம் ஏன் கேக்குறேன்? நம்ம சரக்க வாங்குறவங்க ஈரத்த அளந்து, கழிச்சிட்டுத்தான் பணம் தர்றாங்க. எல்லார் பாசியும் ஒரே லாரியில போகுது. அதனால அந்தக் கழிவும் எல்லார் தலையிலயும் விழுது. மூணு நாள் பாத்துப் பாத்துக் காய வச்ச அக்காவுக்கும் அதே கழிவு, அவசரமா அள்ளிப் போட்டவங்களுக்கும் அதே கழிவு. இனிமே அப்படி வேணாம்.

[மூட்டையைப் பிரித்தபோது கண்ணால் பார்த்ததை இங்கே அவரே இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.]

காய வைக்கிறது உங்க வேலை. என் வேலை என்னன்னு சொல்றேன். தை பொறக்குறதுக்குள்ள ஒவ்வொரு கரைக்கும் பாசி காயப் போட உயரத்துல கட்டுற வலை வந்துடும். மணல்ல போட வேண்டியதில்ல. ஈரத்த அளக்குற மெஷின உங்க கண்ணு முன்னாடிதான் வைக்கணும்னு சொல்லியிருக்கேன். எந்தத் தரம், எத்தனை கிலோ, எவ்வளவு ரூபான்னு அங்கயே சீட்டு தருவாங்க. சீட்டு தரலைன்னா பாசியப் போடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க.

இப்ப வாடைக்காத்து. மிதவையக் காப்பாத்துறதே பெரும்பாடு. மழையில காய வைக்கவும் முடியாது. அதனாலதான் தை மாசம்னு வச்சிருக்கோம். அதுவரைக்கும் இப்ப இருக்குற விலைதான், எதுவும் மாறல.

பாசிச்சாறுல உரம் பண்றது என்னாச்சுன்னு நெறைய பேர் கேட்டீங்க. அது இன்னும் பேச்சுலதான் இருக்கு. முடிவானா நானே சொல்றேன்.

எனக்கு உங்ககிட்டேருந்து ஒண்ணு தெரியணும். உங்க கரையில வலை கட்ட எந்த இடம் தோதா இருக்கும்? தண்ணி ஏறாத இடமா, காத்து நல்லா வர்ற இடமா பாத்து, இந்த வாரத்துக்குள்ள உங்க குழுத் தலைவிகிட்ட சொல்லிடுங்க. அவங்க சொல்ற இடத்துலதான் கட்டுவோம். வர்றேன்."

இது நாலு நிமிஷத்துக்குள் அடங்கும். 26 ஸ்லைடில் இரண்டுதான் இதில் முழுமையாக வந்திருக்கிறது, ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறது. மீதியை ஏன் விட்டீர்கள் என்று சி.இ.ஓ. கேட்பார். பதிலாக ஒரு தாளைக் காட்டுங்கள். இடது பக்கம் பேச்சின் ஒவ்வொரு வாக்கியமும், வலது பக்கம் அது எந்த ஸ்லைடு, எந்தத் தேதித் தீர்மானம் என்பதும். வலது பக்கம் காலியாக உள்ள வாக்கியம் அவருடைய சொந்த அனுபவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்துவிட வேண்டும். மேலே உள்ள பேச்சில் "மெஷினைக் கண் முன்னால் வைப்பது" டெக்கில் இருக்காது. அதை அவர் செய்யத் தயாரா என்று கேட்டு, ஆள் யார், மெஷின் எத்தனை என்று உறுதியான பிறகுதான் பேச்சில் வைக்க வேண்டும். நாலு கரைக்கு ஒரே மெஷின் என்றால் அந்த வாக்கியம் நிற்காது.

"சீட்டு தரலைன்னா பாசியப் போடாதீங்க" என்ற வரியைப் பல சி.இ.ஓ.க்கள் வெட்டச் சொல்வார்கள். கொள்முதல் ஆட்கள் கோபித்துக்கொள்வார்களாம். முடிந்தவரை அதை விட்டுக்கொடுக்காதீர்கள். உறுப்பினர் கையில் ஒரு பிடி கொடுக்கிற வரி அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மற்ற வாக்குறுதிகளை யார் கேட்டு வாங்குவது? வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சீட்டு பற்றிய வாக்குறுதியையும் சேர்த்து வெட்டிவிடச் சொல்லுங்கள்.

டெக்கில் வாங்குகிற கம்பெனியின் பெயர், அவர்கள் தரும் விலை, போக்குவரத்துச் செலவு போன்றவையும் இருக்கும். வீடியோவில் அவை எதுவும் வரக் கூடாது. இந்தக் கரையில் ஒரு வீடியோ உறுப்பினர்களோடு நின்றுவிடாது. மறுநாளே தங்கச்சிமடத்தில் உள்ள வேறு வியாபாரி போனில் இருக்கும், அடுத்த வாரம் வாங்குகிறவர் போனிலேயே இருக்கும். அதனால் எழுதி முடித்ததும் அந்த மூன்று பேராகவும் மாறி மாறி நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: உறுப்பினர், போட்டி வியாபாரி, வாங்குகிறவர். "கழிச்சிட்டுத்தான் பணம் தர்றாங்க" என்ற வரி வாங்குகிறவர் காதில் குற்றச்சாட்டாக விழுமா என்று யோசித்துத்தான், அவர்களைத் திட்டுகிற தொனி இல்லாமல் நடப்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. பேச்சை நீங்கள் உங்கள் குரலில் பதிந்து, போர்டில் இல்லாத இரண்டு உறுப்பினர்களிடம் போட்டுக் காட்டுங்கள். படிக்கக் கொடுக்காதீர்கள், கேட்கச் சொல்லுங்கள். "புரிந்ததா" என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் என்ன சொல்வீர்கள்" என்று கேளுங்கள். "விலையை எழுபது ஆக்கிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னால் பேச்சு தோற்றுவிட்டது, எடை குறையும் பகுதி காதில் ஏறவில்லை. அப்போது அந்தப் பகுதியை இன்னும் முன்னால் கொண்டுவந்து, எண்பத்தொம்பது கிலோவை இரண்டு முறை சொல்ல வையுங்கள். "நல்லாக் காய வச்சா எடை குறையுமாம், ஆனா காசு கொஞ்சம் கூட வருமாம், தை மாசத்துலேருந்து" என்று சொன்னால் அப்படியே எடுத்துவிடலாம்.

படம் எடுக்கும் இடம் பற்றி ஒன்று. கடல் பின்னால் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவார். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பக்கம் நின்றால் காற்றைத் தவிர எதுவும் மைக்கில் ஏறாது. கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கம் அதே கதை. மண்டபத்தில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம், அன்றைக்கு அமைதியாக உள்ள பக்கம் போங்கள். காலையில் காற்று எழுமுன் முடித்துவிடுங்கள், சட்டையில் குத்தும் சிறிய மைக்கைப் பஞ்சு உறையோடு வையுங்கள். பெரும்பாலானவர்கள் வேலை செய்துகொண்டே காதால் மட்டும் கேட்பார்கள். அதனால் படம், அட்டவணை, "இங்கே பாருங்கள்" எதுவும் வேண்டாம். கையில் இரண்டு பாசி வைத்துக் காட்டலாம்: ரப்பர்போல வளைந்து, மேலே உப்புப் பூத்த நல்ல காய்ச்சல் ஒன்று, பிடித்தால் ஈரம் ஒட்டுகிற ஒன்று. காட்டும்போதே அது எப்படி இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிட வேண்டும்.

தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். பத்திகளை மனதில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பத்தியாக எடுங்கள், ஒரே மூச்சில் நாலு நிமிஷம் பேசச் சொல்லாதீர்கள். எண்கள் வரும் பத்தியை மட்டும் தாளைப் பார்த்தே சொல்லட்டும். கணக்கைத் தாளில் பார்த்துச் சொல்கிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. வாய் தவறி எண்பத்தொம்பதுக்குப் பதில் தொண்ணூத்தெட்டு என்று வந்துவிட்டால் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

கடைசியாக, பேச்சின் தொடக்கத்தில் எந்த மாதம், எந்த வருஷம் பேசுகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மேலே உள்ள பேச்சில் "வர்ற தை மாசம்" என்று மட்டும் இருக்கிறது. எடுக்கும் தேதி தெரியாததால் விட்டிருக்கிறேன், நீங்கள் சேர்த்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து யாராவது இதைத் திரும்ப அனுப்பினால், அப்போதைய விலை எழுபது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் பாசி மூட்டையோடு வந்து நிற்கக் கூடாது.